நீல முடிக்காகக் கூடிய கூட்டம்

மலேசியாவில், கோலசிலாங்கூர் டவுனில் ஒரு புகைப்படக் கடையில் படங்களைத் திருத்துவது என் வேலை. பருவை நீக்குவேன். பெண் பார்க்க அனுப்பும் படத்தில் முகத்தை வெளுப்பாக்குவேன். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பியைக் குடும்பப் படத்தில் தோளோடு தோள் நிற்க வைப்பேன். அந்தப் பொய்களுக்கெல்லாம் யாரும் கூட்டம் போட்டதில்லை. கூட்டம் போட்டது ஒரு நீல முடிக்காக.

அந்த நீல முடியைக் கேட்ட அக்கா எஸ்டேட் பக்கத்துப் பள்ளியில் கேண்டீன் நடத்துபவர், கோயில் மகளிர் பிரிவுத் தலைவி. ஐம்பதாவது பிறந்தநாளுக்குப் படம் எடுக்க வந்தவர், இடுப்புவரை முடியை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்தார். எடுத்து முடித்ததும் என் காதருகே வந்து, "தங்கச்சி, முடிய மட்டும் நீலமா ஆக்க முடியுமா? சும்மா ஒரு ஆசைதான் லா," என்றார்.

படத்தின் மேல் நீல நிறத்தை ஒரு தனி அடுக்காகக் கலந்து பார்த்தேன். கறுப்பு முடி கறுப்பாகவே இருந்தது. அவ்வளவு இருட்டில் நிறம் ஒட்டாது. சோம்பல்பட்டு, கணினித் தூரிகையை எடுத்து நீலத்தை அப்படியே அப்பிக் காட்டினேன்.

அக்கா திரையை உற்றுப் பார்த்தார். "என்னம்மா இது, வாளியக் கவுத்து வச்ச மாதிரி இருக்கு? என் முடி எங்க?"

கோபம் நியாயமானது. மறுநாள் முதலிலிருந்து தொடங்கினேன். நெற்றியோரத்தில் பறக்கும் ஒற்றை இழைகளைக்கூட விடாமல் முடியை மட்டும் பிரித்தெடுத்தேன். அதன் இருட்டைக் கொஞ்சம் தூக்கி வெளிச்சமாக்கினேன். பிறகு, கீழே இருக்கும் வெளிச்சமும் நிழலும் கெடாதபடி நீலத்தைக் கலந்தேன். வேர்ப்பக்கத்தைக் கருமையாகவே விட்டேன். விளக்கு பட்டு மின்னிய இடங்களில் நிறத்தைக் குறைத்து, மினுமினுப்பை வெள்ளையாக இருக்கவிட்டேன். கழுத்தோரம் மிக லேசாக ஒரு நீலச் சாயல். அதிசயம் என்னவென்றால், அவருடைய நரைமுடிகள்தான் நிறத்தை முதலில் பிடித்துக்கொண்டன. கறுப்பு இழைகளுக்கு நடுவே அவை மயில் கழுத்துபோல் ஒளிர்ந்தன.

அக்கா திரையில் அந்த நரை இழைகளை விரலால் தொட்டார். "இது நான்தான்," என்றார்.

படத்தை வாட்சப்பில் வைத்தார். அன்று மாலைக்குள் பக்கத்து டவுன் புஞ்சாக் ஆலாம்வரை செய்தி போய்விட்டது. மகளிர் பிரிவுத் தலைவியே இப்படி என்றால் பெண்பிள்ளைகள் கதி என்ன என்று கோயில் நிர்வாகக் குழு ஞாயிற்றுக்கிழமை கூடியது. அக்கா எப்போதும்போலப் பின்னல் போட்டு, மல்லிகை வைத்துப் போனார். முடி நீலமில்லை என்பதைப் பன்னிரண்டு பேரும் கண்ணால் பார்த்தார்கள்.

"பயந்துபோய் திரும்ப கறுப்பு அடிச்சிட்டு வந்திருக்காங்க," என்றார் செயலாளர்.

அக்கா என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "கம்ப்யூட்டர எடுத்துக்கிட்டு கோயில் மண்டபத்துக்கு வாம்மா. உடனே."

மடிக்கணினியோடு போனேன். மேசையில் வைத்து, நிற அடுக்கையும் வெளிச்ச அடுக்கையும் அணைத்தேன். நீலம் போயிற்று. போட்டேன், வந்தது. ஒவ்வொரு இழையும் இருந்த இடத்திலேயே இருந்தது.

இனி அக்காவிடம் மன்னிப்புதான் கேட்பார்கள் என்று நினைத்தேன்.

குழுத் தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். அவருடைய மீசை மட்டும் முப்பது வயதில் நின்றுவிட்டது. வாரம் தவறாமல் மை பூசுகிறார் என்பது ஊருக்கே தெரியும்.

"இது முடிக்கு மட்டுந்தானா?" என்று கேட்டு, முன்பக்க வழுக்கையைத் தடவினார். "இல்லாத எடத்துல கொஞ்சம் கொண்டு வரலாமா? முன்னால மட்டும்."

பொருளாளர் என் கைப்பேசி எண்ணைக் கேட்டார். செயலாளர் தன் மகளின் படத்தைக் காட்டி, கன்னத்துத் தழும்பைச் சரிசெய்ய முடியுமா என்றார். பத்து நிமிடத்தில் நிர்வாகக் குழுவினர் எல்லாரும் என் வாடிக்கையாளர்களாகிவிட்டார்கள். அக்கா ஓரமாக நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. திரையை மூடினேன்.

"அக்கா விசயம் என்னாச்சு?" என்று கேட்டேன்.

எல்லாரும் அவர் அங்கே இருப்பதை அப்போதுதான் கவனித்தார்கள். தலைவர் தொண்டையைச் செருமினார். செயலாளர் குறிப்புப் புத்தகத்தில் எழுதியதை உரக்கப் படித்தார்: "முடி விவகாரம், அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்படுகிறது."

அக்கா எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டார். "ஒத்திவைங்க. நல்லா ஒத்திவைங்க," என்று சொல்லி வெளியே நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். கார்க் கதவைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். அழுவார் என்று பயந்தேன். அவர் கண்ணில் ஒரு பொட்டு ஈரமில்லை.

"ரோஸ் கலரு கஷ்டமா?"

"இருட்ட இன்னும் கொஞ்சம் தூக்கணும்க்கா. இல்லன்னா கத்தரிப்பூ மாதிரி போயிரும்."

"தூக்கு," என்றார். "அடுத்த கூட்டத்துக்கு முன்னாடி எனக்கு வேணும்."