பெயர் சொல்லாத ஆலை

அந்த ஆலையின் பெயரை அன்றைக்கும் நான் சொல்லவில்லை, இன்றைக்கும் எழுதப்போவதில்லை. நூற்பாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் அங்கே வேறு ஏதோ செய்தார்கள். இங்கே வரும் சில விவரங்களையும் வேண்டுமென்றே மாற்றித்தான் எழுதுகிறேன். ஒரு சின்ன விவரம் என்ன செய்யும் என்று பட்டுத் தெரிந்துகொண்டவள் நான்.

எழுபதுகளின் நடுவில் பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் சேவைக் கம்பெனியில் புரோகிராம் எழுதும் வேலையில் இருந்தேன். சொந்த ஊர் கடத்தூர். சேலத்தில் கணிதம் படித்துவிட்டு, முதலில் கார்டு துளையிடும் பெண்களில் ஒருத்தியாகச் சேர்ந்து, பிறகு பரீட்சை எழுதி மேலே போனேன். அந்தக் காலத்தில் ஒரு ஆலையோ ஆபீசோ சொந்தமாகக் கம்ப்யூட்டர் வாங்குவது நடக்காத காரியம். பதிவேடுகளை எங்களிடம் அனுப்புவார்கள். நாங்கள் அவற்றைக் கார்டுகளில் துளையிட்டு, புரோகிராம் எழுதி ஓட்டி, பட்டியலாக அச்சடித்துத் திருப்பித் தருவோம்.

அதனால் ஊர் ரகசியமெல்லாம் எங்கள் மேஜை மேல் கிடக்கும். சேரும்போதே எல்லாரும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தோம். வாடிக்கையாளர் பெயரை ஆபீசுக்குள்ளேகூடச் சொல்ல மாட்டோம். எல்லாம் எண்தான். முப்பத்தேழாம் நம்பர் வேலை, நாற்பதாம் நம்பர் வேலை. அச்சில் கெட்டுப்போன தாள்களைப் பின்கட்டில் ஒரு பீப்பாயில் போட்டு எரிப்பார்கள். எரிந்து முடியும்வரை எங்களில் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

முப்பத்தேழாம் நம்பர்தான் நான் முழுக்க முழுக்கத் தனியாகச் செய்த முதல் வேலை. அந்த ஆலையில் ஆயிரத்துச் சொச்சம் பேர். ஒவ்வொருவரும் சேர்ந்த தேதியைக் கொண்டு பணிமூப்புப் பட்டியல் வேண்டும் என்றார்கள். கேட்க எளிது. ஆனால் அங்கே டைம் ஆபீஸ் ஒருமுறை தீப்பிடித்து, பழைய வருகைப் பதிவேடுகள் சாம்பலாகியிருந்தன. கேன்டீன் புத்தகங்களிலும், டாக்டர் அறைச் சீட்டுகளிலும், சீருடை கொடுத்த நோட்டிலும் ஒருவர் பெயர் முதலில் எங்கே வருகிறது என்று தேடித் தேடி, சேர்ந்த தேதியைக் கண்டுபிடித்தோம். மூன்றும் முரண்படும் இடங்களைத் தனியாகப் பிரித்துக்காட்ட நான் ஒரு வழி எழுதினேன். பட்டியல் சரியாக வந்த நாளில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். ஆனால் யாரிடமும் சொல்ல முடியாது.

சில மாதம் கழித்து, தர்மபுரிக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலை எங்களை விசாரித்தது. அந்தப் பக்கத்துக்காரி என்பதால் மேலாளர் என்னையும் அழைத்துக்கொண்டு போனார். அவர் கன்னடக்காரர், ஆனால் தமிழ் நன்றாகப் பேசுவார். ஒசூர் தாண்டியதும் பஸ்ஸில் பாடம் நடத்தினார்.

"நோடி, பாருங்க, இதுக்கு முன்னாடி என்ன செஞ்சீங்கன்னு கண்டிப்பாக் கேப்பாங்க. என்ன தொழில்னு சொல்லலாம். எத்தனை ஆளுன்னு உத்தேசமாச் சொல்லலாம். நாம செஞ்ச வேலையச் சொல்லலாம். யாரு, எங்க, எதுக்காக, இந்த மூணும் வாயில வரக் கூடாது."

"அவங்ககிட்ட அனுமதி கேட்டுப் பார்க்கலாமா சார்?" என்றேன்.

"கேட்டாச்சு. எழுதியே குடுத்துட்டாங்க, முடியாதுன்னு."

தொழிற்சாலையில் ஒரு நீள மேஜை. அந்தப் பக்கம் ஜெனரல் மேனேஜர், பணியாளர் அதிகாரி, கடைசியில் டைம் கீப்பர். டைம் கீப்பருக்கு நாற்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, காதில் பென்சில். வருகைப் பதிவு முழுக்க அவர் கையில் இருந்ததால் கூப்பிட்டிருந்தார்கள்.

"எங்களாட்டம் ஒரு எடத்துல செஞ்சிருக்கீங்களா? செஞ்சிருந்தா எந்த எடம்?" என்றார் ஜெனரல் மேனேஜர்.

"இடத்தைச் சொல்றதுக்கில்லீங்க. நாளைக்கு உங்களப் பத்தியும் இன்னொருத்தர்கிட்டச் சொல்ல மாட்டோம்" என்று மேலாளர் சிரித்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

ஒரு நூற்பாலை, ஆயிரம் பேருக்கு மேல், பணிமூப்புப் பட்டியல் என்று ஆரம்பித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பணியாளர் அதிகாரி கொட்டாவி விட்டார். "இது நம்ம கிளார்க்கே எழுதிருவாரே. இதுக்கு மெஷின் எதுக்கு?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "பழைய பதிவேடே இல்லாம செஞ்சோம்ங்க" என்றேன். எப்படி என்று அவர்கள் நிமிர்ந்தார்கள். கேன்டீன் புத்தகத்தையும் சீருடை நோட்டையும் சொன்னேன். பதிவேடு ஏன் இல்லை என்று கேட்டார்கள். தீயில் போய்விட்டது என்று சொன்னேன். மேலாளர் இருமினார். எனக்கு அது காதில் விழுந்தது, புத்திக்கு ஏறவில்லை. மாதக்கணக்காக அடக்கிவைத்திருந்த பெருமை.

டைம் கீப்பர் மட்டும் காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

பேச்சு நல்லபடியாக முடிந்த மாதிரிதான் இருந்தது. ஒப்பந்த விஷயம் பேச மேலாளர் உள்ளேயே இருந்தார். வருகைக் கார்டுகளின் அமைப்பைப் பார்த்துக் குறித்துக்கொள்ளும்படி என்னை டைம் ஆபீசுக்கு அனுப்பினார்கள். டைம் கீப்பர் கூட வந்தார். சுவர் நீளத்துக்குக் கார்டு செருகும் பலகை. நடுவில் மணியடிக்கும் கடிகாரம். நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது அவர் மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, நீங்க போட்ட லிஸ்டுல பழைய ஆளு மேல வருவானா, புது ஆளு மேல வருவானா?"

தொழில்முறைக் கேள்வி என்றே நினைத்தேன். "புதுசா சேர்ந்தவங்கதாங்க மேல வருவாங்க. அப்படித்தான் கேட்டாங்க."

சொல்லிவிட்டுத்தான் அவர் முகத்தைப் பார்த்தேன். பதவி உயர்வுக்குப் போடும் பணிமூப்புப் பட்டியலில் பழைய ஆள்தான் முதலில் வருவார். புது ஆளை மேலே வைத்துப் பட்டியல் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம். ஆள் குறைக்கும்போது கடைசியாக வந்தவரை முதலில் அனுப்ப வேண்டும் என்பது சட்டம். இது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"டைம் ஆபீஸ் எரிஞ்ச ஆலை இந்தச் சுத்துல ஒண்ணுதாம்மா" என்றார். "என் தங்கச்சி வூட்டுக்காரரு அங்கதான் எலக்ட்ரீசியன். போன வருசந்தான் சேர்ந்தாரு. குத்தகைக்கு ஓட்டிட்டு இருந்த நெலத்த இந்த மாசம் வுட்டுட்டு, வூட்டையே அங்க மாத்தப்போறாங்க. அவரு பேரு லிஸ்டுல இருக்குதுங்களா?"

"எனக்குத் தெரியாதுங்க."

"நீங்கதான போட்டேன்னு சொன்னீங்க?"

"எந்த ஆலைன்னே நான் சொல்லலீங்க."

"பேரு வேணாம்மா. நெலத்த வுடலாமா, கூடாதா? அத மட்டும் சொல்லுங்க."

என் வாயில் ஒரு வாக்கியம் வந்து நின்றது. அந்தப் பட்டியல் மொத்தமாக ஒன்றல்ல, பிரிவுவாரியாகத் தனித்தனி. நூற்புக்கு ஒன்று, பொதி கட்டுவதற்கு ஒன்று, மின் பிரிவுக்கு ஒன்று. எல்லாப் பிரிவையும்தான் அச்சடித்தோம். எந்தப் பிரிவில், எத்தனையாவது பெயரில் கோடு போடப்போகிறார்கள் என்பது எங்களுக்கே தெரியாது. இதைச் சொல்லியிருந்தால் அவர் பொறுத்துப் பார்த்திருப்பார். ஆனால் அதற்குள் கையெழுத்துப் போட்ட தாள் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஏற்கெனவே அதிகம் சொல்லிவிட்டேன், இனி ஒரு சொல்கூடக் கூடாது என்று பயந்து நோட்டை மூடினேன்.

என் மௌனத்தை அவர் பதிலாக எடுத்துக்கொண்டார். "சரிம்மா" என்றார். வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

பத்து நாளில் முப்பத்தேழாம் நம்பரிலிருந்து போன் வந்தது. ஆலை வாசலில் தொழிலாளர்கள் திரண்டுவிட்டார்கள். கம்ப்யூட்டரில் பட்டியல் போட்டது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டார்கள். மேலாளர் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"பேர் சொன்னியா?"

"இல்ல சார்."

"ஊரு?"

"இல்ல சார். நீங்களும் இருந்தீங்களே."

"டைம் ஆபீஸ்ல நான் இல்ல."

அங்கே பேசியதை ஒன்றுவிடாமல் எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். தீ, புது ஆள் மேலே, எலக்ட்ரீசியன், எல்லாவற்றையும். படித்துவிட்டுத் தாளை மடித்து வைத்தார். "அந்தத் தீயைச் சொன்னப்பவே நான் உன்னை நிறுத்தியிருக்கணும்" என்றார். மறுநாள் என்னை வேலையிலிருந்து நீக்கிய கடிதத்தில் கையெழுத்துப் போட்டதும் அவர்தான். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தர்மபுரித் தொழிற்சாலையும் ஒப்பந்தம் வேண்டாம் என்று எழுதிவிட்டது. எங்கள் விஷயமும் இப்படித்தானே வெளியே போகும் என்றார்களாம்.

ஊருக்கு வந்தேன். வேறு கம்பெனிகளுக்கு எழுதிப் போட்டதில் இரண்டு இடங்களில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார்கள். "பட்டியல் போட்டேன்" என்றேன். என்ன பட்டியல்? யாருக்கு? எவ்வளவு பெரியது? மறுபடியும் பட்டியல் என்றே சொன்னேன். ஒன்றுமே செய்யாதவள் என்று நினைத்திருப்பார்கள். இரண்டும் கிடைக்கவில்லை. பிறகு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்தேன்.

மொரப்பூர் ஸ்டேஷனில் டைம் கீப்பரை மறுபடி பார்த்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. சேலம் வண்டிக்காக நின்றிருந்தேன். அவர்தான் அடையாளம் கண்டுகொண்டு வந்து பேசினார்.

"நல்லாருக்கீங்களாம்மா?"

"இருக்கேங்க. உங்க தங்கச்சி வூட்டுல…"

அவர் தண்டவாளத்தைப் பார்த்தபடி சொன்னார். நான் வந்து போன அன்று சாயங்காலமே அவர் அந்த ஆலைக்குப் போய் மச்சானிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அனுப்பப்படும் அவமானம் எதற்கு என்று மச்சான் தானாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். ஆனால் நிலத்தை விடுவதாக முன்னமே சொல்லியிருந்ததால், நிலத்துக்காரர் அதற்குள் அதை வேறு ஒருவருக்குக் குத்தகைக்குக் கொடுத்திருந்தார். விஷயம் ஆலை முழுக்கப் பரவி நடந்த வாசல் ரகளையால் ஆலை நாலு மாதம் பூட்டிக் கிடந்து திறந்தது. திறந்ததும் பட்டியலை ஒட்டினார்கள். நூற்பிலும் பொதி கட்டுவதிலும் ஆட்களை அனுப்பினார்கள்.

"கரண்டுப் பிரிவுல ஒருத்தரைக்கூட அனுப்பலீங்கம்மா. ஒருத்தரைக்கூட."

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

"இப்ப எங்க இருக்காருங்க?"

"பெங்களூருல கட்டட வேலைன்னு போனாரு. மொதல்ல லெட்டர் வந்துச்சு. இப்ப வர்றதில்ல. தங்கச்சி எங்க வூட்டுலதான் இருக்குது."

வண்டி வருவதாக மணி அடித்தார்கள். பெட்டியில் இடம் பிடிக்க அவர் எனக்கு உதவினார். என் பையை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு, "அன்னிக்கு உங்களுக்கு அது தெரியாதுதானேம்மா?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க" என்றேன். எந்தப் பிரிவு என்பது எனக்குத் தெரியாது; அது உண்மை. பிரிவுவாரியாகத்தான் ஆளைக் குறைப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அதை டைம் ஆபீசிலும் சொல்லவில்லை, ஸ்டேஷனிலும் சொல்லவில்லை. வண்டி நகர்ந்த பிறகும் அவர் தலையை ஆட்டிக்கொண்டே நின்றார், நான் சொன்னதை ஏற்றுக்கொண்டவர் மாதிரி.