கதிரேசு டிரசரின் லீவுக் கணக்கு

மலாக்கா வட்டாரத்தில், செலண்டாருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றின் ஆஸ்பத்திரியில் கதிரேசு டிரசராக இருந்தார். டிரசர் என்றால் பாதி டாக்டர். புண்ணுக்குக் கட்டுப் போடுவதும், காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பதும், பெரிய டாக்டர் மாதமொரு முறை எட்டிப் பார்க்கும்போது பக்கத்தில் நின்று பதில் சொல்வதும் அவர் வேலை. வேலையில் குறை சொல்ல ஒருவரும் இல்லை. ஊரே சிரித்தது அவருடைய லீவுப் புத்தகத்தைப் பார்த்துத்தான்.

நீல அட்டை போட்ட சாதாரண நோட்டு அது. என்றைக்கு லீவு கேட்டார், எதற்குக் கேட்டார், யார் சரி என்றார், எத்தனை நாள் எடுத்தார், மிச்சம் எவ்வளவு என்று ஆங்கிலத்தில் கோடு போட்டு எழுதி வைப்பார். லீவுச் சீட்டைக் கார்பன் தாள் வைத்து எழுதி, மூலத்தைத் தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரைக்கு அனுப்பிவிட்டு நகலை அதே நோட்டில் ஒட்டுவார். துரை வாயால் சொன்னதைக்கூட விடமாட்டார். "நேற்று தாங்கள் சொன்னபடி" என்று மறுநாளே ஒரு கடிதம் போகும். அதற்கும் நகல் உண்டு.

ஆஸ்பத்திரி ஆயா முனியாயிக்கு இது பெரிய வேடிக்கை. "டிரசரய்யா தும்முனாக்கூட நோட்டுல ஏத்திருவாருலா!" என்பாள். கதிரேசுவும் கூடச் சிரிப்பார், ஆனால் எழுதுவதை நிறுத்தமாட்டார். முன்பு வேலை பார்த்த இடத்தில் வாய்ச்சொல்லை நம்பி ஒரு முறை ஏமாந்தவர். சூடு கண்ட பூனை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தோட்டத்து ஒப்பந்தப்படி வருஷத்துக்குப் பதினாலு நாள் சம்பளத்தோடு லீவு. எடுக்காத நாட்களைச் சேர்த்து வைத்து இரண்டாம் வருஷ முடிவில் ஊருக்குப் போய் வரலாம். கதிரேசு அந்த இருபத்தெட்டில் எடுத்தது போக மிச்சமிருந்ததைத்தான் நம்பியிருந்தார். மனைவி கனகாம்பிகை பிள்ளைப் பேற்றுக்கு யாழ்ப்பாணம் போனவள், தாய்க்கு வாதம் வந்து படுத்ததால் அங்கேயே தங்கிவிட்டாள். பிறந்த மகள் பாலாம்பிகை இப்போது நடக்கிறாள், பேசுகிறாள். தகப்பன் இன்னும் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. தாய்மாமனைத்தான் 'அப்பா' என்று கூப்பிடுகிறாள் என்று மனைவி விளையாட்டாக எழுதியிருந்தாள். படித்த கதிரேசுவுக்கு அது விளையாட்டாகப் படவில்லை.

இரண்டாம் வருஷம் முடிந்ததும் கப்பல் நாள் பார்த்து, பெம்பான் பக்கத்துத் தோட்டத்து டிரசரைத் தன் ஆஸ்பத்திரியை வந்து பார்த்துக்கொள்ளச் சம்மதிக்க வைத்து, சீட்டெழுதிப் போட்டார். நாலாம் நாள் சீட்டு திரும்பி வந்தது. மிச்சம் பதினாலு நாள் மட்டுமே என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது.

பினாங்குக்கு ரயில், அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல், மறுபடி ரயில். போகவர அந்தப் பதினாலு நாளே சரியாகிவிடும். வீட்டு வாசல் படலையைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். கதிரேசு சீட்டையும் நீல நோட்டையும் பிடித்துக்கொண்டு ஆபீசுக்கு ஓடினார்.

பெரிய கிராணி இராஜரட்ணம், தோட்டத்துக் கணக்குவழக்கெல்லாம் கையில் வைத்திருப்பவர், லீவு ரிஜிஸ்தரைத் திறந்து காட்டினார். போன வருஷம் கதிரேசு டிரசருக்குப் பதினாலு நாள் லீவு. அப்போதிருந்து பிறகு மாறிப்போன பழைய துரையின் கையெழுத்து.

"அண்ணை, நான் நாலு நாள்தானே எடுத்தனான்! மலாக்காவில மச்சான்ரை கலியாண வீட்டில நிக்கேக்கை லொறி அனுப்பி என்னைக் கூப்பிட்டவை. வேலையாக்கள் இருக்கிற லயம் முழுக்கக் காய்ச்சல். மிச்சப் பத்து நாளும் உமக்குத்தான் எண்டு பழைய துரை சொன்னவர்."

"துரை கையெழுத்து வச்சதை நான் எழுதினன். நீர் பாதியில திரும்பி வந்ததை எனக்கு ஆர் சொன்னது? அந்தாள் சீமைக்குப் போய்ச் சேர்ந்திட்டார். இனி ஆரைக் கேக்கிறது?"

இராஜரட்ணம் கெட்ட மனுஷர் அல்ல. ஆனால் துரை கையெழுத்திட்ட பக்கத்தில் கை வைப்பதென்றால் அவருக்கு நடுக்கம். கதிரேசு நீல நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டினார். திரும்பி வந்த மறுநாள் அனுப்பிய கடிதத்தின் நகலும் அங்கே ஒட்டியிருந்தது. மூலம் ஆபீஸ் கோப்பில் இல்லை. எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது.

கிராணி நோட்டை மேலும் கீழும் பார்த்தார். காய்ச்சல் தணிந்த பிறகு எழுதிய ஒரு வரியில் அவர் விரல் நின்றது. 'ஒரு நாள். உம்பாய். துரை வாய்ச்சொல். சீட்டு இல்லை.'

"இதென்ன?"

"காய்ச்சல் நிண்டாப் பிறகு, ஒரு நாள் போய் ஆறிட்டு வாரும் எண்டு துரை விட்டவர். உம்பாய்க் கடற்கரைக்குப் போய் நண்டு திண்டிட்டு வந்தன். ஒரு நாள்தானே எண்டு கடிதம் போடேல்லை."

"இது என்ரை ரிஜிஸ்தரில இல்லையே! பேசாமல் இந்த ஒரு நாளை விட்டிட்டு வேற நோட்டில வடிவா எழுதிக்கொண்டு போமன். புதுத் துரைக்கு எப்பிடித் தெரியும்?"

நல்லெண்ணத்தில் சொன்ன யோசனைதான். ஒரு நாள் என்றால் மகளோடு ஒரு நாள். கதிரேசுவுக்கு ஆசை வராமல் இல்லை; வந்தது, நன்றாகவே வந்தது. ஆனால் புதிதாக எழுதினால் இரண்டு வருஷமும் ஒரே மையில் இருக்கும். பழைய நோட்டிலோ ஓரிடத்தில் மை வெளுத்திருந்தது, ஓரிடத்தில் பென்சில், ஓரிடத்தில் அயடின் கறை. அந்த அழுக்குத்தான் அதன் பலம். தவிர, தின்ற நண்டைத் தின்னவில்லை என்று சொல்லவும் மனசு வரவில்லை. நோட்டை அப்படியே எடுத்துக்கொண்டார். முனியாயிக்குச் சொல்லியனுப்பி ஆஸ்பத்திரியின் நோயாளிப் புத்தகத்தையும் வரவழைத்தார்.

புதுத் துரை சிடுமூஞ்சி, ஆனால் வாசிக்கத் தெரிந்தவர். உங்கள் கையால் நீங்களே எழுதியது சாட்சியாகுமா என்று முதலில் தட்டிக் கழித்தார். கதிரேசு நோயாளிப் புத்தகத்தைத் திறந்து வைத்தார். அந்தப் பத்து நாளும் வரிசையாக நோயாளிகளின் பெயர், உடம்புச் சூடு, கொடுத்த மருந்து, எல்லாம் அவர் கையெழுத்தில். அடியில் பெரிய டாக்டர் பார்வையிட்ட ஒப்பம். துரை கொஞ்ச நேரம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு நீல நோட்டைப் புரட்டி உம்பாய் வரியில் நின்றார். இது ஆபீசில் பதிவாகவில்லையே என்று கேட்டார். ஆகவில்லை என்றார் கதிரேசு. பின் ஏன் எழுதினீர்கள்? எடுத்தேன், அதனால் எழுதினேன்.

துரை சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து, இந்த ஒரு நாளை எழுதியவர் அந்தப் பத்து நாளைப் புளுகியிருக்க மாட்டார் என்று கிராணியிடம் சொன்னார். பத்து நாள் திரும்பியது. உம்பாய் நாள் கழிந்தது. இருபத்து மூன்று நாள் என்று எழுதி ஒப்பமிட்டார். வேலை பார்த்தவர் லீவில் இருந்ததாக எழுதுவது என்ன கணக்கு என்று இராஜரட்ணத்துக்கும் ஒரு குட்டு விழுந்தது. அதற்குப் பிறகு ரிஜிஸ்தரில் 'உண்மையில் எடுத்தது' என்று புதிய கட்டம் ஒன்று வந்தது.

பயணம் போக வீட்டில் ஒன்பது நாள் கிடைத்தது. முதல் நாள் பாலாம்பிகை அவரைக் கண்டதும் வீரிட்டு அழுதாள். பிறகு தாயின் சேலைக்குள் ஒளிந்துகொண்டு ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். கற்கண்டு, பொம்மை, குதிரை விளையாட்டு எதற்கும் மசியவில்லை. கதிரேசு உள்ளுக்குள் நொந்துபோனார். ஒன்பதாம் நாள் மாலை அவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது குழந்தை தானாக வந்து பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்தது. "அப்பா, நானும்" என்றது.

இரவு அவர் மடியிலேயே தூங்கிப் போனாள். விடிந்தால் ரயில்.

"இஞ்சேருங்கோ, இன்னும் ஒரேயொரு நாள் நிண்டிட்டுப் போகேலாதோ?" என்றாள் கனகாம்பிகை.

கதிரேசு குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். "அந்த நாளை நான் உம்பாயில திண்டிட்டன்" என்றார்.