ஏழுகல் தோட்டுக்கு ஒரு வாக்கு

அந்த நகைக்கடையின் பெயர் வேண்டாம். தேனிக் கடைவீதியில் இன்றைக்கும் வியாபாரம் ஓகோவென்று நடக்கிறது. அதில் வைரப் பகுதியில் உட்கார்ந்திருந்த ஈஸ்வரபாண்டியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். தேவாரத்துக்காரர். அப்பாவுக்கு இருந்த ஒன்றரை ஏக்கர் கடலைக்காடு அண்ணன் தம்பி நாலு பேருக்குக் காணாது என்று, தொண்ணூற்றாறில் கடைக்கு வேலைக்கு வந்தவர்.

அவருக்குக் கண் அப்படி. ஏழுகல் தோடு ஒரு ஜோடிக்குப் பதினாலு கல் வேண்டும். பதினாலும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே ஒளியாக இருந்தால்தான் தோடு காதில் நிற்கும். ஒன்று மங்கினாலும் சொத்தைப் பல் மாதிரி இளிக்கும். ஈஸ்வரபாண்டி இடுக்கியால் ஒவ்வொரு கல்லாக எடுத்துப் பார்த்து, இந்தப் பொட்டலத்தில் நாலு, அந்தப் பொட்டலத்தில் ஆறு என்று சேர்த்து, மெழுகில் பூ மாதிரி பதித்துக் காட்டுவார். கல்லில் கரும்புள்ளி இருந்தால், வாங்க வந்தவர் கேட்பதற்கு முன்னால் அவரே சொல்லிவிடுவார். முதலாளி ஞானசிகாமணிக்கு இது வயிற்றெரிச்சல்தான். ஆனாலும் கம்பம், போடி, சின்னமனூர் என்று சனம் தேடி வந்தது இந்த மனுஷனின் வாக்கை நம்பித்தான். அதனால் அவரும் பொறுத்துக்கொண்டார்.

நம் பக்கத்தில் வைரத்தைப் பார்த்த அன்றைக்கே யாரும் வாங்க மாட்டார்கள். ராசி பார்க்க வேண்டும். கல்லை வீட்டுக்குக் கொண்டுபோய் மூன்று இரவு தலையணைக்கு அடியில் வைத்துப் படுப்பார்கள். கெட்ட கனவு வந்தாலோ, மாடு கீழே விழுந்தாலோ, கல் கடைக்குத் திரும்பி வந்துவிடும். திரும்பி வந்த கல்லை ஈஸ்வரபாண்டி அதன் அளவுக்கு ஏற்ற பொட்டலத்தில் போட்டுவிடுவார். எந்த ஊரிலிருந்து, எந்த வருஷம், யார் மூலம் வந்த கல் என்று யாரும் கேட்டதில்லை. அவரும் நினைத்ததில்லை. எல்லாக் கடையிலும் அப்படித்தான்.

இரண்டாயிரத்து மூன்றிலிருந்து மும்பைக்காரர்கள் அனுப்பும் பில்லின் அடியில் ஆங்கிலத்தில் ஒரு வாசகம் அச்சாகி வந்தது. இந்த வைரங்கள் கலகக்காரர்களின் சண்டைக்குப் பணம் போகாத நேர்மையான வழியில் வாங்கப்பட்டவை, எங்களுக்குத் தெரிந்ததையும் எங்களுக்கு விற்றவர் எழுதிக் கொடுத்ததையும் வைத்து உறுதி சொல்கிறோம் என்று அதற்கு அர்த்தம். ஞானசிகாமணி அதைப் பார்த்தார், வாய் நிறையச் சிரித்தார். மதுரைக்கு ஆள் அனுப்பி, ‘இரத்தக்கறை இல்லாத வைரம்’ என்று தமிழில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வாங்கி, வைரப் பில் எல்லாவற்றிலும் குத்தச் சொல்லிவிட்டார். அந்த நீளமான வாசகத்தில் இருந்த ‘தெரிந்தவரை’, ‘எழுதிக் கொடுத்தபடி’ எல்லாம் மதுரைக்குப் போய்த் திரும்புவதற்குள் காணாமல் போயிருந்தன.

அடுத்த வருஷம் ஆவணியில் மொக்கைச்சாமி வந்தார். பொட்டிப்புரம். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர். மகள் கயலை தேவதானப்பட்டியில் கொடுப்பதாகப் பேசி, பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா ஏழுகல் வைரத்தோட்டில் பிடிவாதமாக நின்றார். மொக்கைச்சாமியின் மனைவி ராஜாத்தி கற்களைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் மெழுகுப் பக்கம் திரும்பவே இல்லை.

“இது எந்தூருக் கல்லுங்க?” என்று கேட்டார்.

“மும்பையில இருந்து வருதுங்கய்யா.”

“அது வாங்குற எடம். வெளஞ்ச எடத்தக் கேக்குறேன்.”

எட்டு வருஷத்தில் ஈஸ்வரபாண்டியிடம் யாரும் கேட்காத கேள்வி இது. மொக்கைச்சாமி மெதுவாகச் சொன்னார். ஐ.நா. சபைப் படையில் ஆப்பிரிக்காவில் இருக்கிற சியரா லியோனுக்குப் போயிருந்தாராம். தண்ணீர் லாரி ஓட்டினாராம். வைரக் குழியைப் பிடிக்கக் கலகக்காரர்கள் சனத்தின் கையை வெட்டிய நாடு அது.

“ஒரு புள்ள. ஏழெட்டு வயசுதான் இருக்கும். ரெண்டு கையும் முழங்கைக்குக் கீழ இல்ல. லாரிக் குழாயில வாயை வச்சுத் தண்ணி குடிக்கும். மூஞ்சியில வழியிறதத் தொடைக்கக் கையில்ல. நான்தான் தொடச்சு விடுவேன்.” சட்டைப் பையைத் தடவிக்கொண்டார். “அந்தக் கல்ல எம்மக காதுல போட என்னால ஆகாது. மொதலாளி பேச்சு எனக்கு வேணாம். ஈஸ்வரபாண்டி பொய் சொல்ல மாட்டாகன்னு ஊரே சொல்லுது. நீங்க சொல்லுங்க. இதுல ரத்தம் இல்லையில்ல?”

ராஜாத்தி பதறிப்போய், “வேணாம்னா செவப்புக்கல்லு போட்டுக்கிறலாமா?” என்றார். சிவப்புக்கல்லுக்கு அந்த ஒரு வாசகம்கூடக் கிடையாது என்பது ஈஸ்வரபாண்டிக்குத் தெரியும். பர்மாவோ எதுவோ, எங்கிருந்து வருகிறது என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. வைரத்துக்காவது பில் இருக்கிறதே என்று மும்பைப் பில்லை எடுத்துக் காட்டி, எழுத்துக்கூட்டி வாசித்து, அர்த்தமும் சொன்னார். பிறகுதான் அந்தத் தப்பைச் செய்தார்.

“இல்லைங்கய்யா. தைரியமா எடுத்துட்டுப் போங்க.”

மொக்கைச்சாமி அவர் கையைப் பிடித்து அழுத்தினார். பதினாலு கல்லும் மூன்று இரவுக்குப் பொட்டிப்புரம் போயின. கல்யாணத்துக்கு ஆறு நாள் இருந்தது.

மறுநாள் காலை, தோட்டுக்குப் பொறுக்கியது போக மீதியைப் பொட்டலங்களில் திருப்பிப் போட உட்கார்ந்தார். நாலு பொட்டலம். ஒன்று புதுசு. இரண்டில் ராசி சரியில்லை என்று திரும்பிய கற்கள் கலந்திருந்தன. நாலாவது பொட்டலத்தின் மடிப்பில், சரக்கு கடைக்கு வந்த வருஷம் அவர் கையெழுத்திலேயே இருந்தது, 1999 என்று. அதிலிருந்து ஐந்து கல் எடுத்திருந்தார். கலகக்காரர்கள் கை வெட்டிய அதே வருஷம். மும்பைப் பில்லில் அந்த வாசகம் பிறப்பதற்கு நாலு வருஷம் முன்னால். 

மும்பை வியாபாரிக்குப் போன் போட்டார். அந்த ஆள் நல்லவர்தான், அரைகுறைத் தமிழில் ஒளிக்காமல் சொன்னார். கலகக்காரர் வைரத்தைத் தடுக்க நாடுகள் சேர்ந்து கொண்டுவந்த கிம்பர்லிச் சான்றிதழ் என்பது பட்டை தீட்டாத கல்லுக்கு மட்டும். முத்திரை வைத்த பெட்டியில் நாடு விட்டு நாடு போகும்போது கூடவே வரும். பட்டை தீட்டும் சூரத்துப் பட்டறையில் பெட்டியைப் பிரித்ததும் பத்துப் பெட்டிக் கல்லும் ஒன்றாகக் கலந்துவிடும். அதற்கப்புறம் எந்தக் கல் எந்தக் குழி என்று கடவுளுக்குத்தான் தெரியும். எனக்கு விற்றவன் எழுதினான், அதை நம்பி உனக்கு நான் எழுதினேன். பழைய சரக்குக்கு அதுகூட இல்லை. சான்றிதழ் பார்ப்பதும் கலகக்காரர் கணக்கை மட்டும்தான். ஒரு நாட்டுப் பட்டாளமே கூலிக்காரனை அடித்துப் பிடுங்கினால் அது அதில் வராது.

“அப்ப தொன்னூத்தொம்பது கல்லு?”

“எங்கேர்ந்தும் வந்திருக்கலாம் பாய். நல்ல எடமா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.”

ஈஸ்வரபாண்டி முதலாளியிடம் போய் நின்றார். ஞானசிகாமணி எரிந்து விழுந்தார். “உமக்கென்ன கோட்டியா? பில்லுல ஸ்டாம்ப் இருக்கு. யாரு வந்து தோண்டிப் பாக்கப் போறாக? வாயப் பொத்திக்கிட்டு வேலையப் பாரும்.” இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முதலாளி சொன்னது வியாபாரத்துக்கு நியாயம். அந்தக் கடைவீதியில் வேறு எவனாக இருந்தாலும் வாயைப் பொத்திக்கொண்டிருப்பான், நிம்மதியாகத் தூங்கியும் இருப்பான்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஈஸ்வரபாண்டி பஸ் ஏறிப் பொட்டிப்புரம் போனார். மொக்கைச்சாமி திராட்சைக் கொடிக்கு மருந்து கலந்துகொண்டிருந்தார். ஈஸ்வரபாண்டி எல்லாவற்றையும் சொன்னார். அஞ்சு கல், 1999, சூரத்துப் பட்டறை, பில்லில் குத்தும் ஸ்டாம்ப், ஒன்றையும் விடவில்லை.

மொக்கைச்சாமி மருந்து வாளியைக் கீழே வைத்தார். “மாத்திக் குடுப்பீகளா?”

“பூராவும் புதுச் சரக்குல பொறுக்கணும்னா மும்பையில இருந்து வரணும். பத்து நாளாகும்.”

“கல்யாணத்துக்கு மூணு நாள்தான் கெடக்கு. சரி, அது வந்தா அதுல ரத்தம் இல்லன்னு சொல்லுவீகளா?”

“சொல்ல மாட்டேங்கய்யா. இல்லன்னு எழுதிக் குடுத்திருக்காகன்னு சொல்லுவேன். இதுக்கு அது தேவல. அம்புட்டுதான் என்னால சொல்ல முடியும்.”

 தோடு இல்லையென்றால் சம்பந்தம் முறியும். முறிந்தால் மகளை ஊர் என்ன பேசும் என்று இருவருக்கும் தெரியும். காரணத்தை வீட்டில் சொன்னால், எங்கேயோ கிடக்கிற நாட்டுக்காக உம்ம மகள் வாழ்க்கையைக் கெடுக்கிறீரா என்று கேட்பார்கள்.

“ஆசாரிகிட்டக் கட்டச் சொல்லுங்க” என்றார் கடைசியில். “பில்லுல அந்த முத்திரையக் குத்தாதீக. வீட்டுல யாருக்கும் தெரிய வேணாம்.”

முத்திரை இல்லாத பில்லை எழுதியதற்காக ஈஸ்வரபாண்டியைக் கொலுசுப் பகுதிக்கு மாற்றினார்கள். சம்பளம் குறைந்தது. அவர் வருத்தப்படவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமையே இருந்தது. ஆறு வருஷம் அந்தப் பெருமையோடு வெள்ளிக் கொலுசை எடை போட்டார்.

இரண்டாயிரத்துப் பத்து வைகாசியில் கயல் கடைக்கு வந்தாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, காதில் ஏழுகல் தோடு. வைரப் பகுதியில் விசாரித்துக்கொண்டு கொலுசுப் பகுதிக்கு வந்து உட்கார்ந்தாள்.

“எங்கப்பா போன மாசம் தவறிட்டாக.”

ஈஸ்வரபாண்டி எழுந்து நின்றுவிட்டார்.

“கல்யாணம் முடிஞ்சதுல இருந்து எங்கப்பா எம்மூஞ்சிய ஏறிட்டுப் பாக்கல. வருவாக, புள்ளையக் கொஞ்சுவாக, தரையப் பாத்துப் பேசிட்டுப் போயிருவாக. நான் என்ன தப்புப் பண்ணேன்னு எத்தனையோ நாள் அழுதிருக்கேன். ஆசுபத்திரியில கடைசி நாளு, கிட்டப் போய்க் குனிஞ்சு அப்பான்னேன். எங்காதப் பாத்தாக. கண்ண மூடிக்கிட்டாக. அம்மாவுக்கு ஒண்ணும் தெரியல. கல்யாணத்துக்கு முன்னாடி நீங்க காட்டுக்கு வந்து பேசிட்டுப் போனீக, அதுல இருந்துதான் மனுஷன் இப்பிடின்னு மட்டும் சொன்னாக. என்ன பேசுனீக?”

அவர் சொன்னார். தண்ணீர் லாரியில் வாய் வைத்துக் குடித்த அந்தப் பிள்ளையையும் சொன்னார். கயலின் கை தன்னையறியாமல் காதுக்குப் போனது. தோடு தட்டுப்பட்டதும் சுட்டதுபோலக் கையை எடுத்துக்கொண்டாள்.

“அப்ப இது அந்த ஊருக் கல்லா?”

“தெரியல ஆத்தா. அப்பவும் தெரியல. இப்பவும் தெரியல. யாராலயும் சொல்ல முடியாது.”

“தெரியாத ஒண்ணுக்காகவா?” அவள் குரல் உடைந்தது. பக்கத்தில் கொலுசு பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். “நீங்க வந்து சொல்லாம இருந்திருந்தா, எங்கப்பா எம்மூஞ்சியப் பாத்திருப்பாகல்ல?”

பொய் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு ஒரு பொய் அந்தப் பெண்ணுக்குப் பெரிய உபகாரமாக இருந்திருக்கும்.

“பாத்திருப்பாக ஆத்தா” என்றார் ஈஸ்வரபாண்டி.