மெட்ராஸா, கப்பலூரா?

எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்த கையோடு எனக்கு இரண்டு இடங்களிலிருந்து பயிற்சிக்கு அழைப்பு வந்தது. அதிர்ஷ்டம் என்று தெருவே சொன்னது. ஒன்றுகூட வராமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பேன்.

ஒன்று மெட்ராஸில், டெலிபோன் கருவி செய்யும் பெரிய கம்பெனி. ஒரு வருட அப்ரண்டிஸ். முடித்தால் அரசாங்க சர்டிபிகேட். எந்த வேலைக்கு மனுப் போட்டாலும் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் இன்டர்வியூவுக்குப் போனபோது அங்கே பயிற்சியில் இருந்த ஒரு பெண் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள்: "வருஷம் பூரா ஒரே பெஞ்சுல சால்டர் வைக்கிறேன். இது எதுக்குன்னு கேட்டா சொல்றதுக்கு ஆள் இல்ல."

இன்னொன்று கப்பலூர் எஸ்டேட்டில், ஸ்டெபிலைசர் செய்யும் சின்னக் கம்பெனி. திருநகரில் எங்கள் வீட்டு முனையில் பஸ் ஏறினால் போதும். அதை நடத்தும் இன்ஜினியர் என்னிடம் கேள்வி கேட்கவில்லை. பழுதான ஒரு ஸ்டெபிலைசரை நீட்டினார். வோல்டேஜைக் குறைத்தால் அது ஏற்றிக் கொடுக்க வேண்டும், கொடுக்கவில்லை. நான் மேதாவியாக, "ரிலே காயில் போயிருச்சு சார்" என்றேன்.

"டிக்குன்னு சத்தம் கேக்குதுல்லம்மா? காயில் போயிருந்தா ரிலே எப்படி இழுக்கும்? காண்டாக்டைப் பாரு."

கழற்றிப் பார்த்தேன். காண்டாக்ட் கருகிப் போயிருந்தது. அவர் சிரிக்கவில்லை. "இங்க வந்தா ட்ரான்ஸ்பார்மர் சுத்துறதுல இருந்து டெஸ்டிங் வரைக்கும் நானே சொல்லித் தாரேன். ஆனா கவர்மென்ட் சர்டிபிகேட்டெல்லாம் எங்ககிட்ட கிடையாது" என்றார்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எதிர்காலம் என்றால் மெட்ராஸ். மற்ற எல்லாவற்றுக்கும் கப்பலூர். தொழில் கைக்கு வந்துவிட்டால் சர்டிபிகேட் பின்னாலேயே வரும் என்று நம்பினேன். கப்பலூர் என்று முடிவு செய்தேன். முடிவு செய்ய நான் யார் என்பதுதான் பாக்கி.

அப்பாவுக்கு ஆபீஸ் வேலை. முத்திரை குத்திய தாளில்தான் அவருக்கு உயிர். "அம்புட்டும் ஆம்பளையா இருக்குற பட்டறைக்கா படிக்க வச்சேன்? மெட்ராஸ் போகட்டும், ஹாஸ்டல் இருக்கு" என்றார். அம்மாவோ, "பொட்டப்புள்ளய அம்புட்டுத் தூரம் அனுப்பிட்டு வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டுக் கெடக்கச் சொல்றீகளா?" என்றாள். வீட்டில் சோறு இறங்கவில்லை. கடைசியில் இருவரும் ஒன்றில் மட்டும் ஒத்துப்போனார்கள்: குலசாமி கோயிலில் பூ கட்டிப் பார்ப்பது.

வெள்ளிக்கிழமை திருமங்கலம் தாண்டிப் போனோம். பூசாரி வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் சிவப்புப் பூவை ஒரு இலையிலும் மடித்துச் சாமி காலடியில் போட்டார். வெள்ளை வந்தால் ஆகும், சிவப்பு வந்தால் ஆகாது. "மனசுல நினைச்சுக்கங்க" என்றார். மூவரும் கண்ணை மூடினோம். அவர் ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

அப்பா முகத்தில் நிம்மதி. அம்மா முகத்திலும் நிம்மதி. எனக்கு அப்போதே பயம் வந்திருக்க வேண்டும்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா, "நல்லவேளை, மெட்ராஸ் வேண்டாம்னு சாமியே சொல்லிருச்சு" என்றாள்.

அப்பா திரும்பிப் பார்த்தார். "மெட்ராஸா? கப்பலூருக்கு அனுப்பலாமான்னுல்ல நான் கேட்டேன். ஆகாதுன்னு வந்துருக்கு."

"நான் மெட்ராஸுக்கு அனுப்பலாமான்னு கேட்டேங்க."

பஸ் கப்பலூரைத் தாண்டியது. சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

"இன்னொரு தடவை கேட்டுப் பாப்பமா?" என்றேன்.

"ஒரு காரியத்துக்கு ரெண்டு தடவை பூ கேட்டா சாமி குத்தம்டி" என்றாள் அம்மா. அப்பாவும் தலையாட்டினார். என் கணக்கைச் சொன்னேன், அழுதேன், இரண்டு நாள் பட்டினி கிடந்தேன். இரண்டு ஊரும் ஆகாதென்று சாமி சொன்னதை மீறி அனுப்பி, நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்றார்கள். மெட்ராஸில் சேர வேண்டிய தேதி போயிற்று. கப்பலூர் இன்ஜினியர் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு பையனைச் சேர்த்துக்கொண்டார். அடுத்த முகூர்த்த நாளிலேயே என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அதற்குப் பூ கட்டிப் பார்க்கவில்லை. ஜாதகம் பொருந்தியதே போதும் என்றார்கள்.

அன்று சன்னதியில் நீ என்ன நினைத்தாய் என்று இதுவரை என்னை ஒருவரும் கேட்டதில்லை. நான் எந்த ஊர்ப் பெயரையும் சொல்லவில்லை. "இவங்க என்னை வேலைக்கு விடுவாங்களா?" என்றுதான் கேட்டேன்.