மதாம் வேராவுக்கு வராமல் போன பெப்ரவரி ஐந்து

சந்திரமதி சுவிட்சர்லாந்தின் நொஷாட்டல் நகரில், ஏரியைப் பார்த்தபடி நின்ற ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தாள். யாழ்ப்பாணத்தில் புவியியல் படித்துக்கொண்டிருந்தவள். இரண்டாம் வருடத்தோடு பல்கலைக்கழகமும் அவளும் பிரிந்துவிட்டார்கள். இங்கே வந்த பிறகு முதியவர்களுக்குக் குளிக்க வார்த்தாள், வாயில் சாப்பாடு தீத்தினாள், சீப்பால் தலை இழுத்துவிட்டாள். அதோடு தினமும் காலையில் ஒவ்வோர் அறையிலும் மேசைமேல் இருக்கும் மரக்கட்டை நாட்காட்டியைத் திருப்பி அன்றைய தேதியை வைத்தாள். மறதிக்காரர்களுக்கு அது நல்லதாம்.

ஓர் அறையில் மட்டும் அவள் பிழையான தேதியை வைத்துவந்தாள். தெரிந்தேதான் வைத்தாள்.

அது மதாம் வேராவின் அறை. ரஷ்யாவில் பிறந்து, புரட்சிக்குப் பிறகு தப்பி வந்து, இந்த ஊரில் எழுபது வருடம் பியானோ சொல்லிக்கொடுத்தவர். தேவாலயத்தின் பழைய கணக்குப்படிதான் நாளைப் பார்ப்பார். அது ஊர் நாட்காட்டிக்குப் பதின்மூன்று நாள் பின்னால் நிற்கும். "என்ர மேசையில என்ர தேதி இருக்கட்டும்" என்று கேட்டார். சந்திரமதி வைத்தாள்.

வீட்டில் இதைச் சொன்னபோது அவள் கணவன் யோகராஜாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவனுக்கு ஒரு உணவகத்தில் சமையல் வேலை.

"அங்கையும் வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமுமோ? கோயில்ல ரெண்டு பக்கமும் அடிபடுறது காணாதெண்டு வெள்ளைக்காரரும் தொடங்கிட்டினமோ?"

"இஞ்சருங்கோ, அவை தொடங்கி நானூறு வருசமாச்சு."

1998 பெப்ரவரி ஐந்தாம் தேதி வம்பு வந்தது. கடவுச்சீட்டின்படி அன்று மதாமுக்கு நூறு வயது. நகரசபையிலிருந்து ஒரு கனவான் பூங்கொத்தோடும் கேக்கோடும் வந்தார். இல்லத்தின் பொறுப்பாளர் மதாம் ஜானெரெ புதுச் சட்டை போட்டிருந்தார். மதாம் வேரா பூவைத் தொடவில்லை.

"நன்றி. ஆனா இண்டைக்கு ஜனவரி இருபத்துமூண்டு. எனக்கு இன்னும் தொண்ணூற்றொன்பதுதான்."

கனவான் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதில் பெப்ரவரி ஐந்து என்றுதான் இருந்தது. கேக்கை மற்றவர்கள் சாப்பிட்டார்கள்.

மூன்றாம் மாடி மறதிக்காரர்களுக்கானது. கதவுக்கு இரகசிய எண் உண்டு. சன்னல்கள் வாகனத் தரிப்பிடத்தைப் பார்த்திருக்கும். அங்கே போனவர் திரும்பி இறங்கியதில்லை. அன்று பின்னேரமே ஓர் இளம் மருத்துவரை மதாம் ஜானெரெ கூட்டிவந்தார். மதாம் வேராவுக்குப் புத்தி தெளிவில்லை என்று மருத்துவர் எழுதினால், ஏரி பார்த்த அறை போய்விடும்.

மருத்துவர் மேசைக் கட்டைகளைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார். எந்த நாடு? சுவிட்சர்லாந்து. என்ன பருவம்? குளிர்காலம். என்ன தேதி?

"ஜனவரி இருபத்துமூண்டு."

மருத்துவரின் பேனா அசைந்தது. சந்திரமதி முன்னால் வந்தாள்.

"டொக்டர், அது என்ர வேலை. நான்தான் அந்தத் தேதியை வைச்சனான். பழைய நாட்காட்டி. பன்னிரண்டு நாள் வித்தியாசம்."

"பதின்மூண்டு" என்றார் மதாம் வேரா.

"நீங்கள் பிறக்கேக்க பன்னிரண்டெண்டு சொன்னீங்களே?"

"பிறக்கேக்க பன்னிரண்டுதான். இப்ப பதின்மூண்டு."

மதாம் ஜானெரெ மருத்துவரைப் பார்த்தார். பார்த்தீர்களா என்ற பார்வை. ஆனால் மருத்துவர் பேனாவை மூடிவிட்டார். "அது எப்பிடி மாறும்?" என்று மதாம் வேராவைக் கேட்டார்.

"வருசம் எண்டது முந்நூற்று அறுபத்தைஞ்சே கால் நாளெண்டு நினைச்சு, ரோமர் நாலு வருசத்துக்கு ஒரு நாள் கூட்டினவை. உண்மையில வருசம் அதைவிடப் பதினொரு நிமிசம் குறைவு. பதினொரு நிமிசத்தை ஆர் கவனிக்கிறது? நூற்றிருபத்தெட்டு வருசத்தில அது ஒரு முழுநாள். நாட்காட்டி பிந்திப் பிந்தி வந்துது. இரவும் பகலும் சரிசமனாகிற வசந்த நாள் மார்ச் இருபத்தொண்டில வரவேணும். பதினாறாம் நூற்றாண்டில அது மார்ச் பதினொண்டுக்கு வந்திட்டுது. ஈஸ்டர் கணக்கே அந்த நாளை வைச்சுத்தான். போப் பாத்தார், பத்து நாளை வெட்டினார். ஒக்டோபர் நாலுக்குப் படுத்தவை பதினைஞ்சுக்கு எழும்பினவை. திரும்பவும் பிந்தாமல் இருக்க, நானூறு வருசத்தில மூண்டு மிகுநாளை நிப்பாட்டினார். ஆயிரத்து எழுநூறு, எண்ணூறு, தொளாயிரம்: இந்த மூண்டு வருசத்திலயும் போப்பின்ர ஆக்களுக்கு மிகுநாள் இல்லை, ரஷ்யாவில எங்களுக்கு இருந்தது. ஒவ்வொரு தரமும் இடைவெளி ஒண்டால கூடினது. நான் ரெண்டு வயசுப் பிள்ளையா இருக்கேக்க பன்னிரண்டு பதின்மூண்டாச்சு."

"இந்த ஊரில?" என்று கேட்டார் மதாம் ஜானெரெ, தன்னை அறியாமல்.

"உங்கட ஆக்கள் புரட்டஸ்தாந்துக்காரர். போப் சொல்லி நாங்கள் கேக்கிறதோ எண்டு நூற்றுச் சொச்சம் வருசம் பிடிவாதமா நிண்டு, பிறகு 1701இல பதினொண்டை வெட்டினவை. பிந்தினதுக்கு ஒரு நாள் கூடுதல். ரஷ்யா 1918 வரைக்கும் பிந்தினது. அதால பதின்மூண்டு. ஜனவரி முப்பத்தொண்டுக்கு அடுத்த நாள் பெப்ரவரி பதினாலு."

அவர் கொஞ்சம் தண்ணீர் குடித்தார்.

"அந்தப் பெப்ரவரி அஞ்சில எனக்கு இருபது வயசு ஆகவேண்டியது. அம்மா கேக்குக்கு மாவெல்லாம் ஒளிச்சு வைச்சிருந்தா. நாள் வரவேயில்லை. பிறகு இஞ்ச வந்தன். பதிவுக் கந்தோரில என்ர ரஷ்யக் கடுதாசியைப் பாத்து, பதினேழெண்டு மாத்தாமல் அப்பிடியே பெப்ரவரி அஞ்செண்டு எழுதிப்போட்டினம். அந்தத் தேதியை என்னட்டையிருந்து எடுத்ததும் அரசாங்கம்தான், இப்ப பூவோட கொண்டு வாறதும் அரசாங்கம்தான்."

மருத்துவர் தாளில் எதையோ எழுதினார். தேதிக்குப் புள்ளி கொடுக்க முடியாது, விதி அப்படி என்றார். மற்றதெல்லாம் சரி. "ரெண்டு கிழமையால திரும்பி வருவன். அண்டைக்கு மதாம் சரியான தேதியைச் சொன்னால் இந்த அறையிலயே இருக்கலாம். இந்த மேசையும் ஊர்த் தேதியைக் காட்டவேணும்."

அவர்கள் போனதும் சந்திரமதி கட்டைகளை நிமிர்த்தி, பெப்ரவரி ஐந்து என்று திருப்பப் போனாள். மதாம் அவள் கையைப் பிடித்தார். நூறு வயதுக் கைக்கு நல்ல பலம்.

"ஒரே இரவில பதின்மூண்டு நாளை ரெண்டாந்தரமும் குடுக்கமாட்டன்."

சந்திரமதி யோசித்தாள். "அப்ப ஒரேயடியா வேண்டாம். ஒவ்வொரு காலமையும் ரெண்டு நாள் தள்ளுறன். இண்டைக்கு இருபத்துமூண்டு, நாளைக்கு இருபத்தைஞ்சு, பிறகு இருபத்தேழு. மெல்ல மெல்ல எட்டிப்பிடிப்பம். டொக்டர் வர முன்னம் சரியா வந்திடும்."

மதாம் சம்மதித்தார். சந்திரமதி தினமும் கட்டையை இரண்டிரண்டாகத் தள்ளினாள். யோகராஜா தினமும் இரவில் கேட்டான்: "கிழவிக்கு இண்டைக்கு எத்தினையாம் தேதி?"

"நாலு" என்றாள் ஒருநாள், சோற்றைப் பிசைந்தபடி. பிசைந்த கை நின்றது. நாளைக்கு ஆறு. ஐந்து இல்லை. சோவியத் அரசாங்கம் செய்ததையே தானும் செய்யப் பார்த்திருக்கிறாள்.

"என்ன, உப்புக் கூடிட்டுதோ?" என்றான் யோகராஜா.

மறுநாள் காலையில் அவள் கட்டையை ஒன்றே ஒன்று தள்ளி, ஐந்தில் நிறுத்தினாள். ஊருக்கு அன்று பெப்ரவரி பன்னிரண்டு. சூரியக் கணக்கில், பிறந்தபோது இருந்த பன்னிரண்டைக் கூட்டினால், பிறந்தநாள் பதினேழில்; தேவாலயக் கணக்கில், இப்போதைய பதின்மூன்றைக் கூட்டினால், பதினெட்டில்; கடவுச்சீட்டில் போன கிழமை. எந்த நாட்காட்டியிலும் அன்று மதாமின் பிறந்தநாள் இல்லை. சந்திரமதி வழியில் வாங்கிய சின்ன அப்பிள் கேக்கை மேசையில் வைத்தாள்.

மதாம் கட்டையைப் பார்த்தார், கத்தியை எடுத்தார்.

"நூறாம் பிறந்தநாள் வாழ்த்துகள், மதாம்."

"நூறு பிறகு பாப்பம். இது இருபதாவது" என்று சொல்லி, கேக்கில் பெரிய துண்டைத் தனக்கு வெட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு மீண்டும் இரண்டிரண்டு. பத்தொன்பதாம் தேதி கட்டையிலும் பத்தொன்பது. மருத்துவர் வந்தார், கேட்டார், மதாம் சரியாகச் சொன்னார். 'இரண்டு வாரத்தில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம்' என்று எழுதிவிட்டு, எந்த மருந்து கொடுத்தீர்கள் என்று மதாம் ஜானெரெயைக் கேட்டார். மதாம் ஜானெரெ சந்திரமதியைப் பார்த்தார். சந்திரமதி ஏரிப் பக்கத்துச் சன்னலைத் திறந்துவிட்டு, அடுத்த அறைக்குப் போனாள்.