மூச்சுக்கு இரண்டு கோடு

அந்த அம்மாவை எல்லோரும் "கோடு அக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய மனிதர்கள் மேடையில் நின்று தாளைப் பார்க்காமல் பேசுவது போலப் பேசுகிறார்களே, அவர்களுக்கு முன்னால் இருக்கும் கண்ணாடித் திரையில் எழுத்தை உருட்டுவது அவள் வேலை. உருட்டுவதற்கு முன்னால் உரையை வரிவரியாக உடைக்க வேண்டும். வரிக்கு நாலு வார்த்தை. ஒரு கோடு போட்டால் சின்ன நிறுத்தம், இரண்டு கோடு போட்டால் நன்றாக மூச்சு வாங்கிக்கொள்ளலாம். பத்தொன்பது வருடமாக இதைத்தான் செய்கிறாள். "என்டர் தட்டுறதுக்கா சம்பளம் தர்றாங்க?" என்று அவள் வீட்டுக்காரர் இன்றைக்கும் கேட்பார். அவள் பதில் சொல்வதை விட்டுப் பல வருடம் ஆகிறது.

அன்று காலை கம்பெனியின் ஆண்டுக் கூட்டம். சேர்மனுக்கு நுரையீரலில் அறுவை சிகிச்சை நடந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. மேடையில் மூச்சு இரைத்தால் இயக்குநர்கள் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அது அவருக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். அதனால் மூன்று நாள் அவரை உட்காரவைத்து, எத்தனை வார்த்தைக்கு மூச்சு முட்டுகிறது என்று எண்ணி எண்ணிக் கோடு போட்டிருந்தாள் அக்கா. ஒன்பது வார்த்தை. பத்தாவதில் குரல் கரகரத்துவிடும்.

கூட்டத்துக்கு இருபது நிமிடம் இருக்கும்போது சேர்மனின் உதவியாளர், அவள் கோடு போட்டுக் கொடுத்திருந்த உரையின் கடைசி வடிவத்தை அனுப்பினார். திறந்து பார்த்தவளுக்குத் தலை சுற்றியது. ஒரு கோடுகூட இல்லை. வரிகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஒரே பத்தியாக, அடைமழை போல இறங்கின.

மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையிலிருந்து போன் போட்டாள். "தம்பி, கோடெல்லாம் எங்க போச்சு?"

"அதுவா மேடம்? முழுக்க ஏதோ கிறுக்கலா இருந்துச்சு. டைப் பண்ணும்போது விழுந்த தப்புன்னு நினைச்சு ஒரே தட்டுல சுத்தம் பண்ணிட்டேன். இப்ப எவ்வளவு நீட்டா இருக்கு பாருங்க!"

"நீட்டா இருக்கா! நல்லா இருப்பீங்க தம்பி!"

பழைய பிரதி அவளிடம் இருந்தது. ஆனால் பின்பாதியைக் கணக்குப் பிரிவு புதிதாக எழுதித் தொலைத்திருந்தது. முன்பாதியை அப்படியே பழையதிலிருந்து எடுத்து ஒட்டினாள். பின்பாதியை உடைக்க ஆரம்பித்தாள். சனியன், ஒரு வாக்கியம் முப்பத்தோரு வார்த்தை! எழுதினவன் மூச்சே விடமாட்டானா? விரல் வலிக்கத் தட்டியும் பாதி தாண்டவில்லை. அதற்குள் மேடையில் கைதட்டல் கேட்டது.

சேர்மன் பேசினார். ஒரு கோட்டில் நின்றார், இரண்டு கோட்டில் மூச்சு வாங்கினார். அறையில் மேடையைக் காட்டிய சின்னத் திரையில் அவர் தோளையே பார்த்துக்கொண்டு, எழுத்தை உருட்டும் குமிழை அக்கா திருகினாள். உடைத்த வரிகள் தீர்ந்துபோயின. உடைக்காத பகுதி ஏற ஆரம்பித்ததும் அவர் குரல் ஓட ஆரம்பித்தது. ஏழு, எட்டு, ஒன்பது.

திரையை இருட்டாக்கும் விசை ஒன்று உண்டு. அக்கா அதை அழுத்தினாள்.

எழுத்து காணாமல் போனது. சேர்மன் வாயைத் திறந்தபடி நின்றார். 'மனுஷா, மூச்சை இழு!' அவர் தோள் மெல்ல உயர்ந்து இறங்கியது. உடனே எழுத்தைக் கொண்டுவந்தாள். ஒன்பது வார்த்தை, இருட்டு, வெளிச்சம். மூன்றாவது தடவைக்கு அவருக்கே பிடிபட்டுவிட்டது. கடைசி வார்த்தை வரை குரல் கரகரக்கவில்லை. இன்னும் ஒரு வருடம் அவரே இருக்கட்டும் என்று இயக்குநர்கள் கை தூக்கினார்கள்.

கூட்டம் முடிந்ததும் சேர்மன் நேராக அந்த அறைக்கு வந்தார். பின்னாலேயே உதவியாளர், முகமெல்லாம் பல்.

"பாத்தீங்களா சார்! ஒரு கோடுகூட இல்ல, எவ்வளவு அழகா பேசுனீங்க! அடுத்த தடவை கோடே வேண்டாம் சார். மேடத்துக்கும் எதுக்கு வீண் சிரமம்?"

அக்கா எழுந்து நாற்காலியை உதவியாளர் பக்கம் தள்ளினாள். "ஆமா தம்பி. உருட்டுறதும் நீங்களே உருட்டிடுங்க. நான் வீட்ல காலை நீட்டிட்டு உக்காந்துக்கிறேன்."

அவள் சொன்னதைக் கேட்டு சேர்மன் சிரித்தார். சிரிப்பு இருமலானது. நிற்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். முகம் கறுத்து, விசில் போல மூச்சு இழுத்தது. அக்கா எட்டிக் கதவைச் சாத்தினாள், வெளியே இயக்குநர்கள் நின்றிருந்தார்கள். தண்ணீரை அவர் கையில் கொடுத்து முதுகைத் தடவினாள்.

உதவியாளரின் முகத்தில் இருந்த பல்லெல்லாம் உள்ளே போய்விட்டது.

"இது மேடையில வந்திருக்க வேண்டியது தம்பி," என்றாள் அக்கா. "நீங்க சுத்தம் பண்ணது இதைத் தடுக்கப் போட்ட கோட்டைத்தான்."