டிரெட்மில்லில் தீய்ந்த வாடை

வில்லாபுரத்து வீட்டுக்கு டிரெட்மில் வந்ததே என் உடம்பைக் குறைக்கத்தான். சில மாதங்களில், நான் காலை ஊன்றும்போதெல்லாம் பெல்ட் ஒரு கணம் நின்று, பிறகு வெடுக்கென்று இழுத்தது. தீய்ந்த வாடை வேறு.

"இம்புட்டு கனத்த அது எப்படித் தாங்கும்?" என்றார் மாமியார்.

கணவரோ ஒவ்வொரு முறையும் பின்பக்கத் திருகுகளை முறுக்கி, பெல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டுப் போவார்.

ஒருநாள் அது ஓடவே மறுத்தது. வந்த மெக்கானிக் பெல்ட்டுக்கு அடியில் கையை நுழைக்கப் பார்த்தார், விரல்கூட நுழையவில்லை. என் கணவரிடம் திரும்பினார்.

"அண்ணே, வாங்குனதுலருந்து சிலிக்கான் ஆயிலே விடலையா? அடிப்பலகை காஞ்சு கெடக்கு. இதுல பெல்ட்டையும் இறுக்குனா மோட்டார் திணறி சூடாகத்தான் செய்யும். யாரு ஏறுனாலும் நிக்கும்."

மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ்களைக் கழற்றிக் காட்டினார். கருகி, நகத்துண்டு அளவுக்குத் தேய்ந்திருந்தன.

புது பிரஷ் போட்டு, ஆயில் விட்டு, பெல்ட்டைத் தளர்த்தியதும் மெஷின் சத்தமில்லாமல் ஓடியது. இப்போதாவது என்னிடம் ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று அங்கேயே நின்றேன்.

மாமியார் மெஷினைத் தடவிக் கொடுத்தார்.

"பாவம், வாயில்லா ஜீவன். எம்புட்டுக் கஷ்டத்தத் தாங்கியிருக்கு!"